ஒன்றும் சரியாத இரவு

மழைக்காலத்தில் லயத்துக்கு மேலே ஏறி வெடிப்பு தேடுகிறவர் பெரும்பாலும் ஒன்றையும் காணாமல்தான் இறங்குகிறார். பீலித் தண்ணீர் தெளிவாக ஓடுகிறது, மரம் சாயவில்லை. இரண்டு வாரம் இப்படியே போனால் "சும்மா ஏன் ஏறணும்?" என்று வீட்டிலேயே கேட்பார்கள். அதற்கான பதிலை மழைக்கு முன்பே லயத்தார் கூடிப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணுக்குள் போயின. அங்கே ஆபத்து உண்டு என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. போக வேறு வீடில்லாத சனம் அங்கேயே இருந்தது. ஒன்றும் நடக்காத ஒவ்வொரு மழைக்காலமும் பயத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கும்.

ஆகவே வெடிப்பு கிடைத்ததா என்பதை வைத்து ஒரு நடையை அளக்கக் கூடாது. மேல் கான், பழைய வெடிப்பு, பீலி என்று பார்க்க வேண்டிய இடங்களை முதலில் முடிவு செய்யலாம். பழைய வெடிப்பின் இருபுறமும் முளை அடித்து, இடைவெளியை நாடாவால் அளந்து எழுத வேண்டும். நேற்று 42 சென்டிமீட்டர், இன்றும் 42 என்றால் அது முழுமையான நடை. "பிரச்சினை இல்லை" என்று மட்டும் எழுதியிருந்தால், போனாரா இல்லையா என்றே தெரியாது. யாருக்கும் சொல்லாமல் மேல் கானில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, போனவர் அதைக் கண்டாரா என்று கேட்டும் பார்க்கலாம்.

மழைமானியிலும் இதே கவனம் வேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பு, 100 ஆனால் ஆயத்தம், 150 ஆனால் வெளியேற்றம். ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலும் வெளியேற்றம்தான். இங்கே எளிதில் தவறுகிற இடம் ஒன்று இருக்கிறது. இரவில் 80 பெய்ததைக் காலையில் கொட்டிவிட்டு, பகலில் இன்னொரு 80 சேர்ந்தால், மானி 80தான் காட்டும். மலை குடித்ததோ 160. கொட்டும்போதெல்லாம் மணியையும் அளவையும் குறித்து, கடைசி 24 மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். இந்த எல்லைகள் எல்லா மலைக்கும் பொதுவாக வைத்தவை. பீலி திடீரென்று கலங்கினாலோ, வெடிப்பு அகன்றாலோ எண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாது.

150ஐத் தொட்டது, எல்லோரும் பாடசாலைக்குப் போய்ப் படுத்தார்கள், மலை அசையவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். காலையில் முணுமுணுப்பு வரும். நனைந்த பிள்ளைகளோடு குளிரில் கழிந்த இரவு அது, கோபம் நியாயமானதே. அப்போது கேட்க வேண்டியவற்றை முன்பே எழுதி ஒட்டியிருக்க வேண்டும்: அளவு எல்லையைத் தொட்டது எத்தனை மணிக்கு, கடைசிப் பாட்டி வந்து சேர்ந்தது எத்தனை மணிக்கு, இருட்டுவதற்குள் தலை எண்ணினோமா, எந்தக் காம்பராவில் யார் விடுபட்டார்கள். இடைவெளி இரண்டு மணி நேரமாகியிருந்தால், மலை சரியாவிட்டாலும் அது மோசமான இரவு. அடுத்த மழைக்கு முன் அந்தப் பாட்டியைத் தூக்கி வர இரண்டு பேரைப் பேர் சொல்லி நியமிக்க வேண்டும்.