ஒரே புதன்கிழமையில் மூன்று ஊசி

திண்டுக்கல் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். பிறந்து ஆறு வாரமான குழந்தைக்கு அன்றைக்கு ஐந்து மருந்து. போலியோ சொட்டும் ரோட்டா வைரஸ் மருந்தும் வாயில் போகும். பென்டாவேலன்ட் இடது தொடையில், நிமோனியாவைத் தடுக்கும் பிசிவி வலது தொடையில், போலியோ ஊசி வலது மேல்கையில் தோலுக்குள் 0.1 மில்லி. "பச்ச உடம்பு தாங்குமா, பிரிச்சுப் போடுங்களேன்" என்று பாட்டிமார் கேட்பது நியாயமான கேள்விதான்.

குழந்தையின் எதிர்ப்புச் சக்தி ஒரு நேரத்தில் ஒரு கிருமியை மட்டும் கவனிப்பதில்லை. பிறந்த நாளிலிருந்தே தோலிலும் குடலிலும் குடியேறும் எண்ணற்ற கிருமிகளோடு அது பழகி வருகிறது. ஐந்து மருந்திலும் இருப்பது அதற்கு முன் சொற்பம். ஒரே நாளில் கொடுத்த குழந்தைகளையும் தனித்தனி நாளில் கொடுத்த குழந்தைகளையும் ஒப்பிட்டு, எதிர்ப்புச் சக்தி குறைகிறதா, பக்கவிளைவு கூடுகிறதா என்று பார்த்த பிறகுதான் சேர்த்துப் போட அனுமதிக்கிறார்கள். ஒவ்வொன்றையும் தனி இடத்தில் போடுவதிலும் காரணம் உண்டு. இடது தொடை வீங்கினால் அது பென்டாவேலன்ட் என்று தெரிந்துவிடும்.

அன்றிரவு காய்ச்சல் வந்தால் பெரும்பாலும் அதற்கும் பென்டாவேலன்ட்தான் காரணம்; அதில் கொல்லப்பட்ட கக்குவான் கிருமி முழுசாக இருக்கிறது. மற்ற இரண்டைத் தள்ளிப்போட்டாலும் இந்தக் காய்ச்சல் வரத்தான் செய்யும்.

பிரித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். அட்டவணைப்படி 6, 10, 14-ஆம் வாரங்களில் மூன்று முறை வந்தால் போதும். வாரத்துக்கு ஓர் ஊசி என்று வைத்தால் 6, 7, 8, 10, 14, 15, 16 என ஏழு முறை வர வேண்டும். நிலக்கோட்டையில் பூப்பறிக்கப் போகும் தாய்க்கு அது நான்கு நாள் கூலி. தவறிப்போவது பெரும்பாலும் கடைசி ஊசிகள். கக்குவான் மிகக் கொடுமையாக வருவதும் இந்தச் சில மாதங்களில்தான்.

இடைவெளி தேவைப்படும் இடமும் உண்டு. தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள ஊசிகளை ஒரே நாளில் தனித்தனியாகப் போடலாம். இல்லையென்றால் 28 நாள் தள்ள வேண்டும். முதல் ஊசி கிளப்பிவிடும் எதிர்ப்பு, அடுத்ததன் வைரஸைப் பெருகவிடாது. "ரெண்டு வாரம் கழிச்சு" என்று போடும் சின்னம்மை ஊசி அதனால் வீணாகலாம். மறுபடி போட வேண்டிவரும். தட்டம்மை வகை ஊசியையும் சின்னம்மை ஊசியையும் ஒரே குப்பியில் கலந்த எம்எம்ஆர்வி முதல் டோஸாகப் போனால், காய்ச்சல் வலிப்பு சற்றுக் கூடுவது உண்மை. முன்பு வலிப்பு வந்த குழந்தை, வீட்டில் யாருக்காவது வலிப்பு இருந்த குழந்தை என்றால் அதைத் தனித்தனி ஊசிகளாகவே கேட்டு வாங்குங்கள்.

ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. மூன்று மணி நேரம் விடாமல் அழுதாலோ, துவண்டு போனாலோ, வலிப்பு வந்தாலோ, உடம்பு கொதித்துக் காய்ச்சல் குறையாவிட்டாலோ, தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.