கனவைக் காணத்தான் வேண்டுமா?

தமிழில் கனவு என்றாலே அதைக் காண வேண்டும். முகர்ந்த கனவுக்கோ வலித்த கனவுக்கோ தனி வினைச்சொல் இல்லை. "என்ன கனவு கண்டே?" என்று கேட்கிறவர் கண்ணிடம்தான் கேட்கிறார், பதிலும் கண்ணிலிருந்தே வருகிறது.

1893இல் மேரி விட்டன் கால்கின்ஸ் தன்னுடைய 205 கனவுகளை இரவில் விழித்து விழித்து எழுதி, எந்தப் புலன் எத்தனை முறை வந்தது என்று எண்ணினார். (பின்னாளில் பெண் என்பதாலேயே ஹார்வர்டு அவருக்கு முனைவர் பட்டம் தர மறுத்தது.) காட்சி முன்னே, ஒலி அதற்கடுத்து, மணமும் சுவையும் கடைசியில். 1998இல் கனடாவில் 3372 கனவுக் குறிப்புகளைப் படித்த ஆய்வும் இதையே சொன்னது: பாதிக்கு மேல் ஒலி, மணமும் சுவையும் சுமார் 1 சதவீதம். ஆனால் எப்போதாவது கனவில் மணமோ சுவையோ உணர்ந்ததுண்டா என்று நேரடியாகக் கேட்டபோது, பெண்களில் சுமார் 40 சதவீதம் பேர் உண்டு என்றார்கள். வாழ்நாள் முழுவதையும் கேட்டால் எண் கூடத்தான் செய்யும். ஆகவே குறை முழுக்கக் கேள்வியில் இல்லை. உறங்கும் மூளையில் பார்வைப் பகுதி மும்முரமாக இயங்குகிறது என்பதும் உண்மை.

பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் ஓர் அக்காவிடம் பேசியபோதுதான் மிச்சம் புரிந்தது. விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டிய பாசியைப் பிய்க்கும் வேலை. தண்ணீர் கலங்கினால் கைதான் கண்.

"என்ன பாத்தேன்னு தெரியல தங்கச்சி. இருட்டு. விரலு மட்டும் எரிஞ்சுச்சு" என்றார்.

காயத்தோடு படுத்ததால் வந்த எரிச்சலாக இருக்கலாமே என்று கேட்டேன். உறங்குபவரின் காலில் பட்டை கட்டி இறுக்கினால் அந்த வலி சிலரது கனவுக்குள் நுழைவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். "பாசிக்குப் போகாத மாசத்துலதான் வருது. கை ஆறிப் போயிருக்கும்." அப்படியானால் அது காயம் தந்த வலியல்ல, நினைவு தந்த வலி. "என்ன கண்டீர்கள்?" என்ற கேள்விக்கு அவர் கனவு வெறும் இருட்டாகவே பதிவாகியிருக்கும். எதையும் காணாத கனவைக் கனவில்லை என்று தள்ளும் உரிமை யாருக்கு இருக்கிறது?

மணம் இன்னும் நழுவலானது. ஜெர்மனியில் 15 பெண்கள் கனவுறக்கத்தில் இருந்தபோது ரோஜா மணத்தையும் அழுகிய முட்டை நாற்றத்தையும் செலுத்தி எழுப்பினார்கள். 2009இல் வெளியான முடிவின்படி, ரோஜாவில் கனவின் மனநிலை இனித்தது, நாற்றத்தில் கசந்தது. மணம் மணமாகக் கனவில் வரவில்லை. வந்த சுவடு தெரியாமல் கனவின் நிறத்தை மாற்றிப் போகிற ஒன்றை எந்தக் கட்டத்தில் குறிப்பது?

அக்காவிடம் பாசி வாடை கனவில் வருமா என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

"காயப்போட்டா வீடே அந்த வாடைதான். முழிச்சிருக்கும்போதே எனக்குத் தெரியாது. வெளியூர்க்காரங்க நீங்கதான் மூக்கைப் பொத்துவீங்க."