பின்கதவு கடக்கும் நேரம்

அரியலூர்ப் பக்கம் சாலையோரம் கேமராவோடு நின்றால் சுண்ணாம்புக்கல் லாரிகள் குறுக்கே வந்துகொண்டேதான் இருக்கும். சுரங்கத்திலிருந்து சிமென்ட் ஆலைக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். கல்யாண வீடியோ எடுக்கும் எங்களில் பலர், அவை போய்த் தொலையட்டும் என்று கேமராவைத் தாழ்த்திக்கொள்வார்கள். எனக்கு ஒரு லாரி வேண்டும்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில் ஒரு கல்யாண வீடு. வாசலில் வாழைமரம் கட்டியிருக்கிறது. எதிர்ப்புறமிருந்து வீட்டை எடுக்கிறேன். இடமிருந்து வலமாக லாரி குறுக்கே போகிறது. அது கடந்ததும் அங்கே வீடு இல்லை. ராஜேந்திர சோழன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் மாலை வெயிலில் நிற்கிறது, புல்வெளியில் மணமக்கள் நடக்கிறார்கள். திரையில் ஒரு நொடிகூட ஆகாத வேலை இது.

*

லாரி திரையை முழுக்க மறைக்கிற கணத்தில் வெட்டிவிட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. அந்தக் கணத்தில் வெட்டினால், மறைத்துக்கொண்டிருந்த லாரி மறு பிரேமில் இருக்காது. கோயில் புல்வெளியில் லாரி ஏது?

ஹிட்ச்காக் 1948-இல் எடுத்த 'ரோப்' படத்தில் அந்த வழி செல்லுபடியானது. பிலிம் சுருள் சுமார் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதனால் சில இடங்களில் கேமரா ஒரு நடிகரின் கோட்டு முதுகுவரை போய் இருட்டாகும். அடுத்த சுருள் அதே முதுகிலிருந்து விலகித் தொடங்கும். மறைக்கிற பொருள் இரண்டு பக்கமும் இருந்தது, அதனால் வெட்டு போதும். நம்முடைய லாரி முதல் ஷாட்டில் மட்டுமே இருக்கிறது. ஆகவே அது திரையை விட்டு வெளியேறும்வரை முதல் ஷாட்டிலேயே இருக்க வேண்டும். அது காலிசெய்த இடத்தில் மட்டும் இரண்டாவது ஷாட் வர வேண்டும். மாஸ்க் தேவைப்படுவது இங்கேதான்.

லாரியின் முகப்பு வரும்போது எதையும் செய்ய வேண்டியதில்லை. கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் வீடு தெரிந்தாலும் சரிதான், அது இன்னும் முதல் ஷாட். எல்லா வேலையும் பின்கதவின் விளிம்பில். பார்க்கிறவர் கண் வருகிற பொருளின் முன்புறத்தைப் பிடித்துக்கொண்டு போகும்; பின்விளிம்பை யாரும் கவனிப்பதில்லை. அந்தக் கவனிக்காத கோட்டில்தான் ஊர் மாறுகிறது.

*

கணக்கு கொஞ்சம். 85 எம்.எம். லென்ஸ், முழு பிரேம் கேமரா, லாரி பத்து மீட்டர் தூரத்தில். அந்தத் தூரத்தில் திரைக்குள் அடங்குவது நாலு மீட்டருக்குச் சற்று மேல். வேகத்தடை தாண்டி வருகிற லாரி மணிக்கு 24 கிலோமீட்டரில் போனால், பின்கதவு திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக 0.63 நொடி ஆகும். நொடிக்கு 25 பிரேம் என்றால் ஏறக்குறைய 16 பிரேம். 1920 பிக்சல் அகலத்தை 16-ஆல் வகுத்தால் பிரேமுக்கு 120 பிக்சல் நகர்கிறது. ஷட்டர் 1/50, அதாவது ஒரு பிரேமின் பாதி நேரம் திறந்திருக்கிறது. ஆகவே விளிம்பு 60 பிக்சல் அகலத்துக்குக் கலங்கியிருக்கும்.

மாஸ்க்குக்கு வைக்க வேண்டிய ஃபெதரை இந்த 60-இலிருந்துதான் தொடங்குகிறேன். ஐந்து பிக்சல் வைத்தால் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியது போல இருக்கும். இருநூறு வைத்தால் லாரியே கரைந்துபோகும்.

*

பிரீமியரில் லாரி ஷாட் மேலே V2-வில், கோயில் ஷாட் கீழே V1-இல். மேல் ஷாட்டின் Opacity-யில் பேனாவை எடுத்து நாலைந்து புள்ளிகளில் ஒரு வடிவம் வரைகிறேன். அதன் வலது ஓரம் பின்கதவோடு போகும். மற்ற மூன்று ஓரங்களும் திரைக்கு வெளியே நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும். திரை ஓரத்திலேயே வைத்தால் ஃபெதர் அங்கேயும் வேலை செய்து, கோயில் வானத்தின் விளிம்பில் கல்யாண வீட்டின் மெல்லிய கோடு ஒன்று மிச்சம் நிற்கும். பிறகு Inverted. Mask Path-க்கு முதலிலும் கடைசியிலும் நடுவிலும் கீபிரேம் வைத்துவிட்டு, இடையில் எங்கே விலகுகிறதோ அங்கே மட்டும் திருத்துவேன். புள்ளிகள் குறைவாக இருந்தால் கோடு நடுங்காது.

கை அல்லது ஆரத்தித் தட்டு கடக்கிற ஷாட்டில் இந்தச் சுகம் இல்லை. விரல்களின் இடுக்கு ஒவ்வொரு பிரேமிலும் மாறும், பதினாறு பிரேமையும் தனித்தனியாக வரைய வேண்டிவரும். விரல்களைச் சேர்த்து, முழங்கைவரை சட்டைக் கையோடு வீசச் சொன்னால் பாதி வேலை குறையும்.

*

சரியாக வந்ததா என்று கோயில் ஷாட்டை வைத்துப் பார்த்தால் தெரியாது. அதை அணைத்துவிட்டு அடியில் அடர்சிவப்பு வண்ணம் ஒன்றை வைத்து, பிரேம் பிரேமாக நகர்த்துகிறேன். பின்கதவை ஒட்டி வெள்ளையாக ஒரு பட்டை தெரிகிறது. கலங்கிய விளிம்பில் பாதி லாரி, பாதி அதற்குப் பின்னால் இருந்த சுண்ணாம்புச் சுவர். நடுப்பகல் சுவரின் வெளிச்சம் மாலைக் கோயிலுக்குள் ஒட்டிக்கொண்டு வருகிறது. மாஸ்க்கை லாரியின் உடம்புக்குள் 30 பிக்சல் தள்ளினால் பட்டை போய்விடும். லாரி அந்த அளவுக்குக் குட்டையாகும். அதை யாரும் அளக்கப் போவதில்லை.

மொபைலில் எடுத்ததென்றால் இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். சென்சார் வரிவரியாகப் படிப்பதால் வேகமாகப் போகிற செங்குத்து விளிம்பு சாய்ந்து பதிவாகும், மாஸ்க்கையும் அதே சாய்வில் வைக்க வேண்டும். லாரி திரையை இருட்டாக்கும்போது கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டும், விளிம்பில் பட்டை இன்னும் வெளுக்கும். எக்ஸ்போஷரையும் ஃபோக்கஸையும் பூட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

*

எங்கள் ஊர்ப் புழுதிக்கு எந்த மென்பொருளிலும் மருந்து இல்லை. கல் லாரி தனக்குப் பின்னால் வெள்ளைத் தூசியை இழுத்துக்கொண்டு போகிறது. பின்கதவோடு மாஸ்க் முடிந்துவிட்டால், லாரியைத் துரத்தி வர வேண்டிய தூசி காற்றிலேயே அறுந்து நிற்கும். பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ பொய் என்று பட்டுவிடும். கல்யாண வீட்டில் வாசல் தெளிக்கும் அம்மாவிடம், அப்படியே ரோட்டோரத்துக்கும் நாலு வாளி தெளிக்கச் சொல்வேன். மழை பெய்த மறுநாள் என்றால் அதுவும் வேண்டாம். லாரியின் நிழலும் இதே தொல்லை தரும். உச்சி வெயிலில் அது வண்டிக்கடியிலேயே ஒடுங்கிவிடுவதால் அந்த நேரத்தில் எடுக்கிறேன்.

*

சத்தத்தைப் பின்கதவோடு வெட்டக் கூடாது. லாரி திரையை விட்டுப் போன பிறகும் அதன் இரைச்சல் ஒரு நொடிபோலத் தேய்ந்துகொண்டே கோயில் ஷாட்டுக்குள் வர வேண்டும். அது அடங்குகிற இடத்தில்தான் புல்வெளியின் கிளிச்சத்தம் கேட்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பே, கோயிலில் கேமரா வைக்கும்போதே முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. லாரியைப் பிடித்துக்கொண்டு போன கண் கடைசியில் திரையின் வலது பக்கத்தில் நிற்கிறது. மணமக்களை இடது ஓரத்தில் நிறுத்தியிருந்தால் கண் திரும்பி வந்து அவர்களைத் தேடும், தேடுகிற அந்த அரை நொடியில் வெட்டு தெரிந்துவிடும். அதனால் அவர்களை வலப்பக்கம் நிறுத்தி, இன்னும் வலப்பக்கமாகவே நடக்கச் சொல்கிறேன்.