நாள் குறித்தால் வேட்கை பிறக்குமா?

மணமக்கள் கூடுவதற்கும் பஞ்சாங்கம் புரட்டிய நாடு இது. 'சாந்தி முகூர்த்தம்' என்றனர். இன்ன நாள், இன்ன நாழிகை என்றனர். கோளுக்கும் கருவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டோம்; விடை வரவில்லை. பஞ்சாங்கத்தை வீசி எறிந்தோம். எறிந்தது சரியே. ஆனால், தோழர்களே, அது கிடந்த இடத்தில் இன்று வேறொரு நாட்குறிப்பு வந்து அமர்ந்திருக்கிறது. மகவை விரும்பும் இணையர் கைபேசியில் கருத்தரிக்கும் நாளைக் கணக்கிடுகின்றனர். அந்தக் கணக்கு பொய்யன்று. ஆய்வு தந்த உண்மை. ஆயினும், உண்மையான கணக்கையே கட்டளையாக்கிவிட்டால் என்ன நேரும்? உடல் அதற்குப் பணியாதபோது பழி யாருடையது? இதனைக் கூச்சமின்றி ஆராய விரும்புகிறோம்.

ஓர் இணையரைக் கற்பனை செய்துகொள்வோம். மணமாகி இரண்டு ஆண்டுகள். மனைவிக்கு மாதவிலக்கு 28 நாட்களுக்கு ஒரு முறை தவறாமல் வருகிறது. எனவே 14-ஆம் நாளையொட்டிக் கருமுட்டை வெளிப்படும். சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் சோதனைப் பட்டையை வாங்குகின்றனர். முட்டை வெளிப்படுவதற்கு ஏறத்தாழ ஒன்று அல்லது ஒன்றரை நாள் முன்னர் ஓர் இயக்குநீர் திடீரெனப் பெருகும். அதைப் பட்டை காட்டும். 'வீணாக்கக் கூடாது' என்று எண்ணி எட்டாம் நாளிலிருந்து விலகியே இருக்கின்றனர். 13-ஆம் நாள் பட்டையில் இரண்டு கோடுகள். "இன்றுதான் அந்த நாள், நேரத்தோடு வந்துவிடுங்கள்" என்று மனைவி செய்தி அனுப்புகிறாள். கணவன் வருகிறான். இரவு வருகிறது. விறைப்பு மட்டும் வரவில்லை.

மறுநாளும் முயல்கின்றனர், மறுநாளும் தோல்வி. 20-ஆம் நாள், கணக்கை மறந்த ஓர் இரவில், ஒரு குறையுமின்றிக் கூடுகின்றனர். அடுத்த மாதம் 13-ஆம் நாள் நெருங்கும்போதே அவன் நெஞ்சு படபடக்கிறது. மீண்டும் அதே கதை. 'என் ஆண்மை போயிற்று' என்று அவன் குமைகிறான். 'என்மீது ஆசை போயிற்று' என்று அவள் குமைகிறாள். 'ஏதாவது விசேஷம் உண்டா?' என்று உற்றார் கேட்கின்றனர்.

இருவர் முடிவும் தவறு. 20-ஆம் நாள் இயங்கிய உறுப்பு 13-ஆம் நாள் பழுதாகி, 20-ஆம் நாள் தானே செப்பமாவதில்லை. பிறகு நடந்ததுதான் என்ன? விறைப்பு என்பது கையை உயர்த்துவதுபோல் நாம் நினைத்ததும் செய்யும் செயலன்று. கிளர்ச்சி தோன்றும்போது நரம்புகள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் பொருளைச் சுரக்கின்றன. உறுப்பின் இரத்தக் குழாய்த் தசைகள் தளர்கின்றன, குருதி நிறைகிறது, அதுவே விறைப்பு. அச்சமோ இதற்கு நேர்எதிர். அச்சத்தில் அட்ரினலின் பெருகுகிறது, அதே தசைகள் இறுகுகின்றன, குருதி வடிகிறது. புலியைக் கண்டவனைக் காப்பதற்காக அமைந்த ஏற்பாடு அது. ஆனால் எதிரே நிற்பது புலியா, தேர்வா என்று உடல் பிரித்தறிவதில்லை. 'இன்று தவறினால் ஒரு மாதம் போயிற்று' என்ற எண்ணமே புலியாகிவிடுகிறது.

மாஸ்டர்ஸ், ஜான்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1970-இல் வெளியிட்ட நூலில் இதனைத் தெளிவாக விளக்கினர். தோல்விக்கு அஞ்சுகிறவன் இன்பத்தில் பங்கேற்பவனாக இருப்பதில்லை. தன் உடலைத் தானே ஓரமாக நின்று வேவு பார்ப்பவனாகிவிடுகிறான். 'வந்ததா, நிற்குமா' என்று பார்க்கப் பார்க்க, வந்ததும் போய்விடுகிறது.

அறக்கேள்வி இங்கேதான் எழுகிறது. ஒருவனால் செய்யக்கூடியதைத்தான் அவனுக்குக் கடமையாக விதிக்கலாம். மருத்துவரிடம் போவது கடமையாகலாம். மனைவியின் துயரில் பங்குகொள்வது கடமையாகலாம். வேட்கை கொள்வது எப்படிக் கடமையாகும்? விதிக்க முடியாததை விதித்து, நிறைவேறாதபோது 'நீ ஆணா?' என்று கேட்பது, மழை பெய்யாததற்கு உழவனைத் தண்டிப்பது போன்றது. ஆண்மை என்பதே பெண்ணை அடக்கக் கட்டிய ஒரு கற்பனை என்று நம் இயக்கம் சொல்லிவந்தது. அந்தக் கற்பனை கட்டிலில் ஆணையே திருப்பி அடிக்கிறது. அவளையும் அது விடுவதில்லை: அவன் தளர்ச்சிக்கு அவள் அழகின்மை காரணம் என்று அவளே நம்பும்படி செய்கிறது.

அந்தக் கட்டளை தேவையாவது உண்டா? இல்லை என்கிறது அறிவியல். அமெரிக்காவில் 221 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 1995-இல் வெளியான ஆய்வு, கருத்தரிக்கும் காலம் ஆறு நாட்கள் என்று காட்டியது: முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களும். முட்டை ஒரு நாள்தான் உயிர்த்திருக்கும்; விந்தணுவோ பெண்ணுடலில் ஐந்து நாள்வரை காத்திருக்க வல்லது. நம் இணையர் 10-ஆம் நாளும் 12-ஆம் நாளும் இயல்பாகக் கூடியிருந்தால், 13-ஆம் நாள் தோல்வியால் அந்த மாதம் வீணாகியிராது. விந்தணுக்கள் முன்னரே போய்க் காத்திருக்கும். 'சேமிப்பதற்காக' விலகியிருந்ததுதான் பிழை. நெடுநாள் தேக்கினால் விந்தணுக்களின் துடிப்புக் குறையும் என்பதே உண்மை. ஆறு நாளை ஓர் இரவாகச் சுருக்கியது அறிவியலன்று. நம்முள் ஒளிந்திருக்கும் முகூர்த்த மோகம்.

ஆகவே, மாதம் முழுவதும் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை கூடினாலே போதும். பட்டையும் வேண்டாம், ஆணையும் வேண்டாம். ஓர் இரவு இயலாமற்போனால் அன்று முயற்சியை நிறுத்திவிட்டுத் தழுவலோடு அமைதி கொள்ளட்டும். விளக்கம் கேட்பதும் மன்னிப்புக் கேட்பதும் வேண்டாம். அச்சம் வேரூன்றிவிட்டால் மருத்துவர் சில்டனாபில் போன்ற மாத்திரையைத் தரக்கூடும். அது வேட்கையைப் படைப்பதில்லை. கிளர்ச்சி இருந்தால் குருதிக்கு வழிவிடும், அவ்வளவே. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து உட்கொள்வோர் அதைத் தொடவே கூடாது. அதுவும் பயன்படாதபோது விந்தை எடுத்துக் கருப்பையில் செலுத்தும் முறை இருக்கிறது. கூடலின்றியும் மகவு பிறக்கலாம். அதில் இழிவு என்ன?

லேகியக்காரனிடம் மட்டும் போகவேண்டாம். ஆண்மை பெருக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் சட்டமே தடுக்கிறது. ஆயினும் சுவரெங்கும் அந்த வாணிகம் நடக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. எல்லாத் தளர்ச்சியும் அச்சத்தால் வருவதன்று. விடியலில் தானே விறைப்பு வருகிறது, மற்ற நாட்களில் குறையில்லை, குறித்த நாளில் மட்டும் தவறுகிறது என்றால் அச்சமே காரணம் எனலாம். விடியலிலும் இல்லை, எந்நாளும் இல்லை என்றால் நீரிழிவோ, இரத்த அழுத்தமோ, குருதிக் குழாய் அடைப்போ பின்னால் இருக்கலாம். சில வேளை அது இதய நோயின் முன்னறிவிப்பு. உடனே மருத்துவரைக் காணவேண்டும். முறையாகக் கூடியும் ஓராண்டில் கரு உண்டாகவில்லை என்றாலும், மனைவிக்கு வயது 35-க்கு மேலானால் ஆறு மாதத்தில் உண்டாகவில்லை என்றாலும், இருவரும் சோதனைக்குச் செல்க. இருவரும் என்கிறோம், ஏனெனில் மகப்பேறின்மையில் ஏறத்தாழ பாதியில் ஆணின் குறைக்கும் பங்குண்டு. 'மலடி' என்ற சொல்லைப் படைத்த சமுதாயம் அதற்கு ஆண்பாற் சொல்லை வழக்கில் வைக்கவில்லை.

வாழ்க்கை ஒப்பந்தம் என்று மேடையில் கையெழுத்திட்ட இணையர், அந்த ஒப்பந்தத்தில் இன்ன தேதியில் வேட்கை கொள்வேன் என்று எழுதித் தரவில்லை. எழுதித் தரவும் முடியாது. நாட்குறிப்பு இருக்கட்டும், அறிந்துகொள்வதற்காக. அது படுக்கையறையில் அதிகாரம் செய்யத் தொடங்கினால், பஞ்சாங்கத்தை எறிந்த கை அதையும் எடுத்து அப்பால் வைக்கட்டும்.