கடிதத்தில் விடுபட்ட வரி

செங்கல் சூளையில் நிற்கும் ஒரு பாட்டியின் படத்தைப் பார்த்து லினோ அச்சுப்படம் செதுக்க ஆசைப்பட்டு, அதை எடுத்த புகைப்படக்காரருக்குக் கடிதம் எழுதினேன். எந்தப் படம், என்ன அளவு, 20 பிரதிதான் என்பது, விற்கிற காசு எங்கே போகும், அவர் பெயரை எங்கே போடுவேன் எல்லாம் சொல்லியிருந்தேன். ‘பாத்துதானே வரையிற, இதுக்கென்ன அனுமதி?’ என்றார் தோழர் ஒருவர். அந்த வெளிச்சமும் கோணமும் புகைப்படக்காரரின் உழைப்பு. கேட்டுத்தான் ஆகணும்.

கடிதத்தை மடிக்கும்போதுதான் உறுத்தியது. பாட்டியிடம் யார் கேட்டது? 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, சொந்தமாகப் படமெடுப்பவரே அதன் முதல் உரிமையாளர். ஆனால் ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, உரிமை காசு கொடுத்தவருக்கு. ஆக, ஸ்டுடியோவில் பணம் கட்டி உட்கார்ந்த பண்ணையாருக்குத் தன் படம் சொந்தம். வேலைக்கு நடுவில் நிமிர்ந்து பார்த்த பாட்டிக்கு இல்லை. ஏழையிடம் காசு வாங்காமல் எடுத்ததை நாம் பெருந்தன்மை என்கிறோம். சட்டத்தில் அதுவே பாட்டியை வெளியே நிறுத்துகிறது.

கடிதத்தைப் பிரித்து அடியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘அந்த அம்மாவின் பேரென்ன, எந்த ஊர், நான் போய்க் கேட்க முடியுமா?’

பதில் வந்தது. ‘தாராளமா செய்யுங்க. பேரு கேட்டு வச்சுக்கல.’

சூளை, புகை, அடுக்கிய கல் எல்லாம் செதுக்கியாயிற்று. முகத்தில் இன்னும் உளி வைக்கவில்லை.