சொல்லாத வாக்கு

ஒருவர் தம் வாயால் சொல்லாத வார்த்தைக்கும் பொறுப்பாவாரா? அக்குறணைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் நண்பரொருவர், தங்கை மகனின் உதவியோடு தமது வட்ஸ்அப்பில் ஒரு சாட்பொட்டை அமைத்தார். பயிற்றுவித்தேன் என்றுதான் சொல்லிக்கொண்டார். உண்மையில் அவர் செய்தது, 120 பொருட்களின் விலைப்பட்டியலையும் கடை திறக்கும் நேரத்தையும் வழமையான 40 கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் எழுதிக் கொடுத்ததுதான். பட்டியலில் உள்ளதைக் கேட்டால் அநேகமாகச் சரியாகவே சொல்லும். இல்லாததைக் கேட்டாலும் அது மௌனமாக இருப்பதில்லை. முன்பு எங்கெங்கோ படித்த வாக்கியங்களின் சாயலில் சொல்லுக்குச் சொல் சேர்த்து, பொருத்தமாகத் தோன்றும் பதிலொன்றை எழுதிவிடும்.

ஒரு தாய், பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாத 400 கிராம் பால்மாப் பக்கெட்டைத் திருப்பித் தரலாமா என்று கேட்டிருக்கிறார். பக்கெட் பிரித்தாயிற்று. "7 நாட்களுக்குள் கொண்டு வாருங்கள், பணம் திருப்பித் தரப்படும்" என்றது சாட்பொட். அப்படியொரு விதி அந்தக் கடையில் ஒருநாளும் இருந்ததில்லை. பெரிய கடைகளின் வழக்கத்தை இவர் தலையில் கட்டிவிட்டது.

"நான் சொல்லல்லயே சேர், மெஷின்தானே சொன்னது" என்றார் நண்பர்.

இதே வாதத்தை ஒரு பெரிய விமானக் கம்பெனியும் சொல்லிப் பார்த்தது. 2022 நவம்பரில் பாட்டியை இழந்த ஒருவரிடம், துக்கப் பயணச் சலுகையை 90 நாட்களுக்குள் விண்ணப்பித்துப் பெறலாம் என்று எயார் கனடாவின் சாட்பொட் சொன்னது. கம்பெனியின் விதியோ, பயணத்தின் பின் விண்ணப்பிக்க இடமளிக்கவில்லை. அந்த வார்த்தைக்குத் தான் பொறுப்பல்ல என்று கம்பெனி வாதிட்டது. 2024 பெப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அதை ஏற்காமல் நட்டஈடு வழங்கச் சொன்னது.

தீர்ப்பு நியாயமென்றே நினைக்கிறேன். கடைப் பையன் தவறாக விலை சொன்னாலும் முதலாளிதானே ஈடுகட்டுகிறார்? ஆனால் பையன் தெரியாத இடத்தில் தலையைச் சொறிவான், "முதலாளியிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பான். இயந்திரத்திடம் அந்தத் தயக்கம் இல்லை. தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே குரலில் சொல்கிறது. ஆகவே கேட்பவருக்கு வேறுபாடு தெரிய வழியில்லை.

நண்பர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, பட்டியலில் இல்லாதவற்றுக்கு "முதலாளியைக் கேளுங்கள்" என்று மட்டும் சொல்லுமாறு எழுதி வைத்தார். தாம் விற்காத பொருட்களைப் பற்றி விதவிதமாகக் கேட்டுச் சோதித்தும் பார்த்தார். பெரும்பாலும் கீழ்ப்படிந்தது. ஆனால் கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டபோது, விற்காத சவர்க்காரத்துக்கும் ஒரு விலை சொன்னது. கட்டளையும் அதற்கு வாசிக்கக் கொடுத்த இன்னொரு வாக்கியந்தான், பூட்டு அல்ல.

இப்போது விலையும் நேரமும் மட்டும் அதன் பொறுப்பு. பணம் திருப்புவதும் கடன் கொடுப்பதும் நேராக அவருடைய கைபேசிக்கு வருகின்றன. கடன் கொப்பியை அவர் யாரிடமும் கொடுப்பதில்லை. மாதக் கடைசியில் தோட்டத்திலிருந்து வருகிறவர் "முதலாளி, இந்தத் தரம் மட்டும்" என்று இழுக்கும்போது, அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் கொப்பியை எடுப்பார்.