பட்டுவாடா நாளும் உழைத்த ஆண்டும்

இந்தியாவின் மென்பொருள் நிறுவனங்களிலும், வங்கி, காப்பீடு முதலிய துறைகளின் பெரிய அலுவலகங்களிலும் வேலைக்குத் தேர்வானவருக்கு வரும் ஆஃபர் லெட்டரின் முதல் பக்கத்தில், ஆண்டுக்கு இத்தனை லட்சம் என்னும் தொகை தடித்த எழுத்தில் காணப்படும். அத்தொகை எவ்வாறு பிரிகிறது என்று காட்டும் அட்டவணையோ கடிதத்தின் இறுதியில், இணைப்பாக வரும். அவ்வட்டவணையில் ‘வேரியபிள் பே’ என்ற வரியின் ஓரத்தில் ஒரு சிறு நட்சத்திரக் குறி இருக்கும். அக்குறிக்குரிய விளக்கம் அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். இத்தொகை ஆண்டு முடிவில் வேலைத்திறனை மதிப்பிட்டுக் கணக்கிடப்படும் என்றும், பட்டுவாடா நடைபெறும் நாளில் ஊழியர் நிறுவனத்தின் பணிப் பதிவேட்டில் இருந்தாலன்றி இதற்கு உரியவராகார் என்றும், அன்று அவர் ராஜினாமா அறிவித்து நோட்டீஸ் காலத்தில் இருப்பாராயின் அப்போதும் உரியவராகார் என்றும் அவ்விளக்கம் கூறும். ஓர் ஆண்டின் உழைப்பைக் குறைவின்றி முடித்துக் கொடுத்த ஒருவர், அவ்வாண்டு கழிந்து மாதங்கள் சென்றபின் வரும் ஒரு குறிப்பிட்ட நாளில் அவ்விடத்தில் இல்லை என்ற ஒரே காரணத்தால், அவ்வுழைப்பின் பிரதிபலனில் ஒரு பங்கை இழப்பது நியாயந்தானா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

நிபந்தனையின் உண்மையான கனத்தை அறிய, அதை ஒரு கணக்கில் வைத்துப் பார்ப்பது நலம். ஆண்டு ஊதியம் 15 லட்சம் ரூபாய் என்றும், அதில் 15 சதவீதமாகிய 2,25,000 ரூபாய் வேரியபிள் பே என்றும், நோட்டீஸ் காலம் 90 நாள் என்றும் கொள்வோம். ஏப்ரல் முதல் தேதி தொடங்கி மார்ச் 31-இல் முடியும் கணக்காண்டில் ஊழியர் நன்றாக வேலை செய்து, அப்ரைசலில் முழு மதிப்பெண்ணும் பெறுகிறார். மதிப்பீடு, மேலதிகாரிகளின் ஒப்புதல், கணக்குத் தணிக்கை எல்லாம் முடிந்து, ஜூலை 31-இல் சம்பளத்துடன் அத்தொகை வருவதாக வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 20-ஆம் தேதி வேறோர் இடத்தில் வேலை கிடைத்து, அன்றே அவர் ராஜினாமா கொடுத்தால், ஜூலை 19-இல் விடுவிக்கப்படுவார். பட்டுவாடாவுக்குப் பன்னிரண்டு நாள் முந்திவிட்ட குற்றத்துக்காக 2,25,000 ரூபாயும் போய்விடும். போகாமல் காக்க வேண்டுமானால், பணம் கைக்கு வந்தபின் ஆகஸ்ட் முதல் தேதி ராஜினாமா கொடுக்க வேண்டும். அக்டோபர் 30-இல்தான் வெளியேற முடியும். அதற்குள் புதிய ஆண்டில் ஏழு மாதம் உழைத்தாகிவிட்டது. அந்த ஏழு மாதத்துக்குரிய வேரியபிள் பே 1,31,250 ரூபாய்; அடுத்த ஜூலையில் அவர் அங்கே இருக்கப்போவதில்லையாதலால் அதுவும் கிடைக்காது.

இந்தக் கணக்கில்தான் நிபந்தனையின் இயல்பு வெளிப்படுகிறது. எந்த நாளில் ராஜினாமா கொடுத்தாலும், உழைத்து முடித்த காலத்தின் ஊதியம் ஏதேனும் ஒன்று பின்னால் தங்கிப்போகும். முழுக்கணக்கையும் பெற்றுக்கொண்டு வெளியேறும் நாள் என்று ஒன்று அந்த ஆண்டுச் சக்கரத்தில் எங்குமே இல்லை. பணிப் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனையாக இருந்தால், மே மாதத் தொடக்கத்தில் அறிவித்து ஆகஸ்ட் முதல் தேதி வெளியேறி, நான்கு மாதத்துக்குரிய 75,000 ரூபாயோடு இழப்பை நிறுத்திக்கொள்ளலாம். நோட்டீஸ் காலத்திலும் இருக்கலாகாது என்ற சிறு சேர்க்கைதான் அந்நான்கு மாதத்தை ஏழாக்குகிறது. போதாக்குறைக்கு, பட்டுவாடா நாளைக் குறிப்பது நிறுவனத்தின் கையிலேயே இருக்கிறது. பெரும்பாலான கடிதங்களில் தேதியே இராது, ‘பொதுவாக இரண்டாம் காலாண்டில்’ என்பது போன்ற ஒரு சொற்றொடரே இருக்கும். நாள் ஒரு மாதம் தள்ளிப்போனால் வெளியேற நினைப்பவரின் இழப்பு மேலும் 18,750 ரூபாய் கூடும். ஒரு தரப்பின் உரிமை எந்த நாளில் பிறக்கிறது என்பதை மறு தரப்பே தீர்மானிக்கவும் தள்ளிப்போடவும் கூடுமானால், அந்த உரிமை மிக மெலிந்த உரிமைதான்.

நிறுவனத்தின் பக்கமும் வாதம் இல்லாமல் இல்லை. அதை அலட்சியம் செய்வது நேர்மையாகாது. ஒருவர் திடீரென்று விலகினால் அவர் இடத்துக்கு ஆள் தேடி, பழக்கி, வேலையை ஒப்படைக்க மாதங்களும் பணமும் செலவாகின்றன. அனுபவமிக்கவர்களைத் தங்கவைக்க ஓர் ஊக்கத்தொகை வைப்பதில் அதர்மம் ஏதுமில்லை. இன்னும் ஓராண்டு இருந்தால் இவ்வளவு தருகிறோம் என்று பேசிய ஊதியத்துக்கு மேலாக ஒரு தொகையைத் தனியே வைத்து, அதன் நாளையும் எழுதிக் கொடுத்தால், இராதவர் அதைக் கேட்க முடியாது, கேட்கவும் மாட்டார். ஆனால் இங்கே நடப்பது அதுவன்று. முதல் பக்கத்து 15 லட்சத்தில் அந்த 2,25,000 ரூபாயும் சேர்த்தே எண்ணப்பட்டது. அந்த 15 லட்சத்தைக் காட்டியே வேறு நிறுவனத்தின் அழைப்பை விட்டுவிட்டு வரும்படி அவர் வேண்டப்பட்டார். வேலைக்குச் சேர்க்கும்போது உழைப்பின் விலையாகக் காட்டப்பட்ட பணம், விலகும்போது தங்கியிருப்பதற்கான சன்மானமாக மாறுகிறது. ஒரே தொகை இருவகைப் பிரயோஜனங்களுக்காக இருமுறை செலவிடப்படுகிறது, கொடுப்பதோ ஒருமுறைதான்.

ஊழியருடைய உரிமை பட்டுவாடா நாளில்தான் பிறக்கிறது என்று சொல்லும் நிறுவனம், தன் சொந்தக் கணக்குப் புத்தகத்தில் அவ்வாறு எழுதுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஊழியர் பயன்களைப் பற்றிய இந்தியக் கணக்கியல் தரம் 19, இப்படிப்பட்ட திட்டங்களை நேரடியாகவே எடுத்துப் பேசுகிறது: குறித்த காலம்வரை பணியில் இருப்பவர்களுக்கே பங்கு என்று நிபந்தனை இருந்தாலும், ஊழியர்கள் வேலை செய்யச் செய்யவே நிறுவனத்தின் கடப்பாடு உருவாகிவருகிறது என்றும், சிலர் தொகை பெறாமலே விலகக்கூடும் என்பதை மதிப்பிட்டு அக்கடப்பாட்டின் அளவைக் கணக்கிட வேண்டும் என்றும் அது விதிக்கிறது. ஒருவரும் விலகாவிட்டால் லாபத்தில் 3 சதவீதம் கொடுக்க வேண்டியிருக்க, விலகுவோரை எண்ணி 2.5 சதவீதமே செலவாக எழுதப்படுவது அத்தரம் காட்டும் உதாரணம். அந்த அரை சதவீதத்தை உற்று நோக்க வேண்டும். யார் விலகுவார் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆனால் இத்தனை பேர் விலகுவார்கள், இவ்வளவு தொகை கொடுக்கப்படாமல் நின்றுவிடும் என்பது மட்டும் மதிப்பிடப்பட்டு, அதற்கேற்பச் செலவும் குறைக்கப்படுகிறது. கணக்கெழுதுகிறவர் இதில் ஒரு பிழையும் செய்யவில்லை. அவர் உண்மையையே எழுதுகிறார். ஆனால் கடிதத்தின் முதல் பக்கத்தில் எல்லாருக்கும் முழுதாக வாக்களித்த தொகை, அவ்வளவும் கொடுபடாது என்னும் எதிர்பார்ப்போடுதான் வாக்களிக்கப்பட்டது என்பதற்கு அந்த ஏடே சாட்சி.

லாபம் எவ்வளவு என்று தணிக்கை முடிந்த பிறகே தெரியும், ஆகையால் பிந்திக் கொடுப்பது தவிர்க்க முடியாதது என்றும் சொல்லப்படுகிறது. பிந்திக் கொடுப்பதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. பிந்திக் கொடுப்பதற்கான காரணம், கொடாமலே விடுவதற்குக் காரணமாவது எப்படி என்பதே கேள்வி. வயலில் நெல்லறுத்தவர், களத்தில் நெல் அளக்கும் நாளில் வெளியூர் போயிருந்தார் என்பதற்காக அவருடைய கூலி நெல்லை மறுப்பதை எந்தக் கிராமமும் நியாயம் என்று ஒப்பாது. இந்தியச் சட்டமும், குறைந்த ஊதியக்காரர் விஷயத்தில், இந்த வேறுபாட்டை நன்கு உணர்ந்தே இருக்கிறது. 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டப்படி, கணக்காண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே, ஊதிய உச்சவரம்புக்குட்பட்ட ஊழியர் போனஸுக்கு உரியவராகிவிட்டார். ஆண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் அதைக் கொடுத்தால் போதும் என்று நிறுவனத்துக்கு அவகாசமும் இருந்தது. ஆனால் கொடுக்கும் நாளில் அவர் வேலையில் இருக்க வேண்டும் என்னும் நிபந்தனை அதில் இருக்கவில்லை. மோசடி, திருட்டு, வன்முறை போன்ற காரணங்களுக்காக வேலைநீக்கம் செய்யப்பட்டவரே அதை இழந்தார். அதன் இடத்தில் வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் இந்த 30 நாள், எட்டு மாத ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டது. மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் பெற்றவருக்கு 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காவல் இருக்கவில்லை. ஆயினும், அத்தொகைக்கு மேலே போனவுடன் உழைப்புக்கும் கூலிக்கும் உள்ள சம்பந்தம் வேறாகிவிடுகிறது என்று தர்ம நியாயப்படி யார் சொல்ல முடியும்?

எஞ்சுவது சம்மதம் என்னும் வாதம். வயது வந்தவர், படித்தவர், கையெழுத்திட்டவர். பிறகு முறையிடுவானேன் என்பர். சுதந்திரமாகத் தரப்பட்ட சம்மதத்துக்கு மதிப்பு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தக் கடிதங்களைப் பெறுகிறவர், பல கட்ட நேர்காணலுக்குப் பின், மூன்று நாளில் பதில் அனுப்ப வேண்டிய நிலையில், ஒரு வரியைக்கூட மாற்ற அதிகாரமில்லாத மனிதவள அலுவலரிடம் பேசிக்கொண்டிருப்பவர். ‘இந்த ஒரு வரியை மட்டும் எடுக்க முடியுமா மேடம்?’ என்று கேட்கத் துணிந்தவருக்கும், ‘இது எல்லாருக்கும் உள்ள பாலிசி சார்’ என்ற விடையே கிடைக்கும். பேரம் பேசும் வலிமையில் ஏற்றத்தாழ்வு மிகுந்திருக்கும்போது, வேறு வழியின்றிக் கோடிட்ட இடத்தில் கையெழுத்திட்ட நியாயமற்ற ஷரத்து பொதுநலக் கொள்கைக்கு முரணானது, ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி செல்லாது என்று 1986-இல் மத்திய உள்நாட்டு நீர்ப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அது அரசுக் கழகம் ஒன்று நிரந்தர ஊழியரைக் காரணம் காட்டாமல் நீக்கிய வழக்கு. தனியார் நிறுவனத்தின் வேரியபிள் பே விஷயத்துக்கு அத்தீர்ப்பை அப்படியே பொருத்திவிட முடியாது. எனினும், கையெழுத்து ஒன்றே எல்லாக் கேள்விகளுக்கும் முடிவாகாது என்பதை அது நிலைநாட்டியது.

மார்ச் 31 வரை பணியில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்கலாம்; உழைப்பை அளக்கும் காலம் அன்றோடு முடிகிறதாதலால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. இடையில் விலகுவோருக்கு உழைத்த மாதங்களின் விகிதப்படி கொடுப்பது அதனினும் நேரியது. இவ்விரண்டில் எதைச் செய்தாலும் நிறுவனம் நொடிந்துவிடாது. இவற்றை விட்டுப் பட்டுவாடா நாளையே பிடித்துக்கொண்டிருப்பதன் கொடுமை முழுதாகத் தெரிவது, விலகுபவர் தாமாக விலகாத இடத்தில். ஆட்குறைப்பு என்று ஜூன் மாதத்தில் நிறுவனமே ஒருவரை அனுப்பிவிடுகிறது. சென்ற ஆண்டின் மதிப்பீடு முடிந்து, மேலதிகாரி கையொப்பமிட்டு, தொகையும் கணக்கிடப்பட்டு ஆயத்தமாயிருக்கிறது. ஊழியரைத் தங்கவைப்பதற்காக என்று அந்நிபந்தனைக்குச் சொல்லப்பட்ட ஒரே நியாயமும் இங்கே இல்லை. தங்க விரும்பியவரைப் போகச் சொன்னது நிறுவனம். இருந்தும், ஷரத்தின் வாசகம் யார் பிரிந்தார், யார் பிரித்தார் என்று பார்ப்பதில்லையாதலால், கணக்கு முடித்துத் தரும் தாளில் வேரியபிள் பே வரிக்கு எதிரே சைபர் விழுகிறது. அந்தத் தொகையைக் கொடுக்கும்படி உத்தரவிடும் அதிகாரம் நிறுவனத்தில் யாரேனும் ஒருவரிடம் இருக்கத்தான் செய்கிறது. வாசகம் இடம் தருகிறது என்பதற்காக அதைக் கொடாமல் விடுகிறவர், விதியைப் பின்பற்றியதாக அன்று, பிறர் உழைப்பைத் தெரிந்தே வைத்துக்கொண்டதாகவே தம் மனத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர்.